ஒரே நோட்டீஸில் மூன்று குரல்

கேள்வி: மன்னார்குடி பக்கம் விதை, உரக் கடை வச்சிருக்கோம். சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 விதைநெல் வந்திருக்கு. ரெண்டு மூணு ஏக்கர் குத்தகைக்கு சாகுபடி பண்றவங்களுக்குப் போய்ச் சேரணும்னு நோட்டீஸ் அடிச்சோம். அதையே ஆட்டோவுலயும் சொல்ல வச்சோம். போன் வருது, ஆனா பாதிப் பேரு "மானியம் எவ்வளவு"ங்குறாங்க, சில பேரு "வெள்ளத்துக்கு கேரண்டியா"ங்குறாங்க. விதை வேணும்னு கேக்குறவங்க கம்மி. நல்ல தமிழாவும் இருக்கணும், சனங்க பேசுற மாதிரியும் இருக்கணும்னு பார்த்துத்தான் எழுதினோம். எங்க தப்பு? நோட்டீஸ் வாசகம் இது:

"அன்பார்ந்த வேளாண் பெருமக்களே! சம்பா பருவத்திற்கு ஏற்ற சான்று பெற்ற சி.ஆர். 1009 சப் 1 விதைநெல் தற்போது இருப்பில் உள்ளது. இனி வெள்ளம் வந்தா என்ன, நம்ம பயிரு கெத்தா நிக்கும்ல! உயிர் உரங்களும் வழங்கப்படும். ஹெக்டேருக்கு 600 கிராம் அசோஸ்பைரில்லம் கலந்து போட்டுப் பாரு, வெளச்சல் வேற லெவல்! விதைநேர்த்தி செய்து விதைக்கவும். தேவைப்படும் விவசாயிகள் உடன் அணுகவும். மிஸ் பண்ணிடாதீங்க மாமா!"

பதில்:

எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் கலந்ததால் மட்டும் இது கெடவில்லை. தமிழ் வாசகனுக்கு அந்தக் கலப்பு சின்ன வயதிலிருந்தே பழக்கம். வாரப் பத்திரிகைக் கதையில் கதை சொல்பவர் எழுத்துத் தமிழில் சொல்வார், பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசும். வானொலி வேளாண் நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் எழுத்துத் தமிழில் படிப்பார், அடுத்து பேட்டி கொடுக்கும் விவசாயி தன் ஊர்ப் பேச்சில் பேசுவார். யாரும் குழம்புவதில்லை. ஆள் மாறிவிட்டார் என்பதை மேற்கோள் குறியோ குரலோ காட்டிவிடுகிறது. 1960களில் ஆடுதுறை 27 நெல்லை இந்த டெல்டா "ரேடியோ நெல்" என்றே அழைத்தது, திருச்சி வானொலி அதை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்ததால். காது வழியாக விதையை விற்பது நம் பக்கம் புதிதில்லை.

உங்கள் நோட்டீஸில் அந்த எல்லைக்கோடு இல்லை. பேசுகிற கடைக்காரர் ஒருவர்தான், ஆனால் வரிக்கு வரி வினைமுற்று மாறுகிறது. "உள்ளது" என்று ஆரம்பித்து "நிக்கும்ல" என்று போய், "வழங்கப்படும்" என்று திரும்பி, "போட்டுப் பாரு" என்று தாவி, "விதைக்கவும்" என்று விறைத்து, "பண்ணிடாதீங்க" என்று முடிகிறது. தமிழில் ஒருவர் யார், நமக்கு என்ன உறவில் நிற்கிறார் என்பதை நாம் வினையின் வாலைப் பிடித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். வால் மாறினால் ஆளே மாறியதாகத்தான் காது எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் இதில் மூன்று பேர் பேசுகிறார்கள்: ஒரு வேளாண் அலுவலகம், ஒரு கல்லூரிப் பையன், ஒரு சொந்தக்காரர். உங்களுக்கு வரும் போன்களைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் இந்த மூவரில் ஒருவருக்குப் போட்ட போனாக இருக்கும்.

முதலில் மானியம் கேட்பவர்களை எடுத்துக்கொள்வோம். "வேளாண் பெருமக்களே", "இருப்பில் உள்ளது", "வழங்கப்படும்", "உடன் அணுகவும்". இந்த நான்கையும் டெல்டா விவசாயி எங்கே பார்த்திருக்கிறார்? வேளாண்மை விரிவாக்க மையத்தின் அறிவிப்புப் பலகையிலும், ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பிலும், கூட்டுறவுச் சங்கச் சுவரிலும்தான். அதிலும் முக்கியமான குற்றவாளி "வழங்கப்படும்". கடைக்காரர் எதையும் வழங்குவதில்லை, விற்கிறார். வழங்குவது அரசாங்கம். யார் வழங்குவார்கள் என்று சொல்லாத செயப்பாட்டு வினையைப் பார்த்தால், நம் ஊரில் அந்த வெற்றிடத்தில் அரசைத்தான் நிரப்பிக்கொள்வார்கள். விரிவாக்க மையத்தில் மானிய விலையில் விதை கிடைப்பதும் உண்மை. அப்புறம் "மானியம் எவ்வளவு" என்று கேட்பதில் அவர்கள் தவறு என்ன இருக்கிறது? நோட்டீஸில் விலையும் இல்லை. விலை போட்டிருந்தால் "இது கடை" என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்திருக்கும்.

நீங்கள் எழுத்துத் தமிழ் வேண்டும் என்று நினைத்தது சரி. போய் நின்ற இடம்தான் சரியில்லை. எழுத்துத் தமிழில் பல படிகள் உண்டு. "விதைநேர்த்தி செய்து விதைக்கவும்" என்பது உத்தரவு. "விதைநேர்த்தி செய்து விதையுங்கள்" என்பதும் சுத்தமான எழுத்துத் தமிழ்தான், ஆனால் எதிரே ஒரு மனிதர் நின்று சொல்வதுபோல் இருக்கிறது. "உள்ளது" அலுவலகம், "இருக்கிறது" மனிதர். கடை நோட்டீஸுக்கு இந்த இரண்டாவது படி போதும். சாகுபடி, விதைநேர்த்தி, நாற்றங்கால் போன்ற சொற்களை "கடினம்" என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். படிக்கத் தெரியாத விவசாயியும் "சாகுபடி" என்று தினமும் சொல்கிறார். சொல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவர் தாங்குவார், வினையின் விறைப்புதான் அவரை விலக்கும்.

இப்போது வெள்ளத்துக்கு கேரண்டி கேட்பவர்கள். என்னைக் கேட்டால் மானியக் குழப்பத்தைவிட இதுதான் ஆபத்து. "வெள்ளம் வந்தா என்ன, நம்ம பயிரு கெத்தா நிக்கும்ல!" என்ற வரியைப் பாருங்கள். சப் 1 ரகத்தின் தன்மை என்ன? நட்டு வேர்பிடித்து, தூர்கட்டி வளர்ந்துவரும் பருவத்தில் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் போனால், ஏறக்குறைய இரண்டு வாரம் வரை தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்தபின் மறுபடி துளிர்க்கும். மூழ்கியிருக்கும்போது அது வளர்ச்சியை அடக்கி, சத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது, அதனால்தான் பிழைக்கிறது. இதற்கு எல்லை உண்டு. நேரடி விதைப்பில் முளைக்கும் முன்பே வயல் மூழ்கினால் இந்தக் குணம் உதவாது, விதை அழுகும். பூக்கிற நேரத்தில் மூழ்கினால் உதவாது. பயிர் பாதி உயரத்துக்கு மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்கிற வயலுக்கும் இது மருந்து இல்லை. தண்ணீர் கலங்கலாக இருந்தால் இரண்டு வாரம்கூடத் தாங்காமல் போகலாம்.

கடைமடையில், நாகப்பட்டினம் பக்கமெல்லாம், சம்பாவை நேரடியாக விதைப்பவர்கள் நிறைய. உங்கள் ஆட்டோ அந்தப் பக்கமும் போயிருந்தால், "வெள்ளம் வந்தா என்ன" என்பதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த நாள் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் நெல் நிற்கும் என்றுதான். பேச்சுத் தமிழில் சொல்லும் வாக்கு உறவுக்காரர் கையடித்துச் சொல்வதுபோல், "தான்", "ல", "என்ன" என்று முடிந்து முழு வாக்காகிவிடும். "ஆனால்", "வரை", "இந்தப் பருவத்தில்" என்ற நிபந்தனைகளை எழுத்துத் தமிழ் சுலபமாகத் தாங்கும். நீங்கள் தகவல் இல்லாத வரிகளுக்கெல்லாம் எழுத்துத் தமிழைக் கொடுத்துவிட்டு, நிபந்தனை அவசியமான ஒரே வரியைப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டீர்கள். கலப்பு தலைகீழாகிவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாகவே கணக்கில் எடுக்கிறது. மூழ்கிப்போன வயலைக் காட்டி ஒருவர் இந்த நோட்டீஸை நீட்டினால், "சும்மா பேச்சுவாக்குல போட்டது" என்று சொல்ல முடியாது.

"கெத்து", "வேற லெவல்" இரண்டும் சினிமா வழியாக வந்த இளவட்டப் பேச்சு. மன்னார்குடியிலும் பையன்கள் பேசுகிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ரீசார்ஜ் விளம்பரமும் பிரியாணிக் கடை விளம்பரமும் அதே வாயில்தான் பேசுகின்றன. குத்தகைப் பணம், நடவுக் கூலி, உழவு டீசல் என்று கையில் இருப்பதையெல்லாம் ஒரு போகத்தில் இறக்குகிறவரிடம் விதையைப் பற்றி அந்த வாயில் பேசினால், விளையாட்டாகத் தெரியும். பேச்சுத் தமிழ் என்றால் யாருடைய பேச்சு என்று கேட்டுக்கொள்ளாமல் எழுதியதன் விளைவு இது.

அடுத்து அந்த அசோஸ்பைரில்லம் வரி. "ஹெக்டேருக்கு 600 கிராம்" என்பது பரிந்துரைக் கையேட்டின் மொழி, "கலந்து போட்டுப் பாரு" என்பது டீக்கடை மொழி. இரண்டும் ஒட்டிய இடத்தில் முக்கியமான விஷயம் விழுந்துவிட்டது: எதில் கலப்பது? 600 கிராம் என்பது விதைநேர்த்திக்கு உள்ள அளவு, 200 கிராம் பாக்கெட் மூன்று. நாற்றின் வேரை நனைப்பதற்கு ஹெக்டேருக்கு ஐந்து பாக்கெட், நடவு வயலில் தொழு உரத்தோடும் மண்ணோடும் கலந்து தூவுவதற்குப் பத்து பாக்கெட் என்று அளவு மாறும். "கலந்து போட்டு" என்றால் பெரும்பாலானவர்கள் வயலில் போடுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மூன்று பாக்கெட்டை வயலில் தூவிவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று வந்து நிற்பார்கள்.

அதோடு ஹெக்டேர் என்பது நம் பக்கத்தில் யாரும் நிலத்தைச் சொல்லும் கணக்கே இல்லை. கடையில் ஏக்கர், ஊருக்குள் மா, பெரிய நிலத்துக்கு வேலி. மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஏழரை மா வரும். "எட்டு மா குத்தகை பண்றேன்" என்கிறவர் உங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு மனக்கணக்குப் போட மாட்டார், கீழே வைத்துவிடுவார். ஏக்கருக்கு 240 கிராம் வருகிறது. "ஓர் ஏக்கர் விதைக்கு ஒன்றேகால் பாக்கெட்" என்று எழுதிவிட்டால் முடிந்தது. மாதத்துக்கும் இதே கதைதான்: அச்சில் ஆகஸ்டு போடலாம், மைக்கில் ஆடி, ஆவணி என்று சொன்னால்தான் சட்டென்று பிடிபடும்.

கடைசியாக அந்த "மாமா". கடைக்குள் வருகிறவரை நீங்கள் மாமா, அண்ணே, பெரிப்பா என்று கூப்பிடுவது வேறு. ஆளைத் தெரியும், தெருவைத் தெரியும், அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதும் தெரியும். ஆட்டோ மைக்குக்கு எந்தத் தெரு என்று தெரியாது. யார் யாரை மாமா என்று கூப்பிடலாம் என்பதில் நம் ஊர்களில் எவ்வளவு விஷயம் புதைந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் எந்த விதை எடுப்பது என்று முடிவு செய்வதே அவர்கள்தான். உறவுமுறை எதையும் போடாமல் வெறும் "ங்க" விகுதியை வைத்துக்கொண்டால் அதுவே எல்லோருக்கும் போதுமான மரியாதை.

இப்போது திருத்தம். முதல் காரியம், ஒரே வாசகத்தை அச்சுக்கும் ஆட்டோவுக்கும் வைக்காதீர்கள். இந்தக் கலப்பு பிறந்ததே அங்கேதான் என்று நினைக்கிறேன்: படிக்கவும் நன்றாக இருக்க வேண்டும், கேட்கவும் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே தாளில் திணித்திருக்கிறீர்கள். அச்சில் பேச்சுத் தமிழை எழுதினால் படிப்பது மெதுவாகும். "வெளச்சல்" என்பதைக் கண் ஒரு நொடி நின்று எழுத்துக்கூட்டித்தான் வாங்குகிறது, "விளைச்சல்" என்பதைப் பார்த்தவுடன் வாங்கிவிடும். ஊருக்கு ஊர் பேச்சும் மாறும். பட்டுக்கோட்டைப் பக்கம் "வந்தியளா" என்பார்கள், கும்பகோணத்தில் "வந்தீங்களா". ஒன்றை அச்சில் போட்டால் மற்றவருக்கு அது கிண்டல்போலத் தெரியும்.

அச்சு நோட்டீஸை நான் இப்படி எழுதுவேன்:

"சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 விதைநெல் வந்துவிட்டது.
சான்று விதை. மூட்டையில் நீல அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.
155 நாள் பயிர். ஆகஸ்டுக்குள் நாற்று விடுபவர்களுக்கு ஏற்றது.
வளரும் பருவத்தில் பயிர் மூழ்கினால் இரண்டு வாரம் வரை தாங்கக்கூடிய ரகம். விதைத்தவுடன் மூழ்கினாலோ, பூக்கும்போது மூழ்கினாலோ தாங்காது.
அசோஸ்பைரில்லம் கிடைக்கும். ஓர் ஏக்கர் விதைக்கு ஒன்றேகால் பாக்கெட், விதை ஊறவைக்கும் தண்ணீரில் கலக்குங்கள்."

இதன் கீழே மூட்டை எடை, விலை, கடை பெயர், இடம், போன். "சான்று பெற்ற" என்ற அடைமொழியைவிட நீல அட்டை அதிகம் பேசும், விவசாயி மூட்டையைப் புரட்டித் தேடுவது அதைத்தான். "தாங்காது" என்று விளம்பரத்திலேயே போடுவதா என்று நீங்கள் தயங்கலாம். போடுங்கள். எது முடியாது என்று சொல்கிற கடையின் "முடியும்" விலைபோகும், அடுத்த தை மாதம் சண்டையும் வராது.

ஆட்டோவுக்கு முழுக்கப் பேச்சு. வீட்டு வாசலில் நிற்பவர் காதில் அந்த வண்டி விழுவது கொஞ்ச நேரம்தான், அதனால் அளவு, கிராம் எதுவும் வேண்டாம்:

"சம்பாவுக்கு விதை எடுத்துட்டீங்களா? ஆயிரத்தொம்பது சப் ஒன் வந்திருக்குங்க. நீல அட்டை போட்ட சான்று விதை. நூத்தி அம்பத்தஞ்சு நாள் பயிரு, ஆவணி பாதிக்குள்ள நாத்து விட்டுடணும். வளர்ற பருவத்துல மூழ்குனா ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும். உங்க வயலுக்கு சரிவருமான்னு கடைக்கு வந்து கேட்டுட்டு எடுங்க."

பிறகு கடை பெயரும் இடமும், இரண்டு முறை. பதிவு செய்யும்போது சென்னை விளம்பரக் குரலில் இழுக்கிறவரை வைக்காதீர்கள். உங்கள் கடையில் எடை போடுகிற தம்பி இயல்பாகப் பேசினாலே போதும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நோட்டீஸை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, முன்னால் படித்துப் பார்க்கவிடாமல் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே அவர் நிற்கிறாரோ, எங்கே எழுதியிருப்பதை விட்டுத் தானாக வேறு விகுதி போட்டு வாசிக்கிறாரோ அங்கே குரல் மாறுகிறது என்று அர்த்தம். உங்கள் பழைய நோட்டீஸில் "நிக்கும்ல" முடிந்து "வழங்கப்படும்" வரும் இடத்தில் கட்டாயம் தடுக்கும். வாசித்து முடித்ததும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம் பக்கத்து ஆட்கள் முகத்துக்கு நேரே "நல்லாத்தாங்க இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இது யாரு போட்டதுன்னு நினைக்கிறீங்க? எந்த மாதிரி வயலுக்குச் சொல்றாங்க? நீங்க இப்ப என்ன பண்ணணும்?" என்று மூன்றையும் கேளுங்கள். முதல் கேள்விக்கு "அக்ரி ஆபீஸா?" என்று பதில் வந்தால் இன்னும் ஒரு "உள்ளது" எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. போனில் வருகிற முதல் கேள்வியையும் ஒரு நோட்டில் அப்படியே எழுதி வையுங்கள். "கிலோ என்ன விலை", "எங்க இருக்கு கடை" என்று மாற ஆரம்பித்தால் வாசகம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏற்கெனவே அடித்த நோட்டீஸ் மிச்சம் இருந்தால், மானியக் குழப்பத்துக்காக அதைத் தூக்கிப்போட வேண்டாம், விலையை ரப்பர் ஸ்டாம்ப் குத்தினாலே அது பாதி தீரும். வெள்ள வரியை மட்டும் விடாதீர்கள், அதன்மேல் சரியான வரியை அச்சடித்த சீட்டை ஒட்டுங்கள். ஆட்டோ பதிவை இன்றைக்கே நிறுத்துங்கள். இதற்குள் விதை எடுத்துப் போனவர்களில் நேரடி விதைப்புக்காரர்கள் யார் யார் என்று பில் புத்தகத்தைப் பார்த்துப் போன் போட்டு, முளைக்கும் முன் வயலில் தண்ணீர் நிற்காமல் வடிகால் வெட்டி வைக்கச் சொல்லுங்கள்.